ஒரே விஷயம், நான்கு வடிவம்: லிங்க்ட்இன் பதிவில் எதற்கு எது?

கோவையில் பம்ப் சர்வீஸ் செய்யும் ஓர் இன்ஜினியரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையிலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறது. தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கிற பம்ப் அது. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் ஒரே வருடத்தில் இரண்டு முறை அரித்துப்போய், இரண்டு முறையும் புதிது மாட்டியிருக்கிறார்கள். இப்போது மூன்றாவதும் போய்விட்டது.

அவர் போய்ப் பார்த்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பம்பின் வாய் 4 அங்குலம். தொட்டியிலிருந்து வரும் சக்‌ஷன் பைப்பை, செலவு மிச்சம் என்று 3 அங்குலத்தில் போட்டு, ரெடியூசர் வைத்து இணைத்திருக்கிறார்கள். அதே அளவு தண்ணீர் குறுகலான பைப்பில் வந்தால் உராய்வில் போகும் இழப்பு ஏறக்குறைய 4 மடங்காகும். அதனால் பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கி, தண்ணீர் சூடாகாமலேயே அதில் ஆவிக் குமிழிகள் கிளம்புகின்றன. அவை இம்பெல்லரின் மேல் உடையும்போது உலோகத்தைப் பொடிப்பொடியாகக் கொத்தி எடுக்கின்றன. இதற்குத்தான் கேவிட்டேஷன் என்று பெயர். பைப்பை 4 அங்குலமாக மாற்றியதும் பிரச்னை தீர்ந்தது.

இந்த அனுபவத்தை லிங்க்ட்இன்னில் எழுதினால் நாலு தொழிற்சாலைகளின் பராமரிப்பு மேலாளர்கள் பார்ப்பார்கள், வேலையும் வரலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. பதிவுப் பெட்டியைத் திறந்ததும் முதல் குழப்பம். வெறும் எழுத்தாகப் போடுவதா, ஒரு படத்தோடா, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கும் கேரசலாகவா, வீடியோவாகவா?

பலரும் இந்த இடத்தில் “இப்போது எது நன்றாக ஓடுகிறது?” என்று விசாரிப்பார்கள். ஒரு வருடம் கேரசல் என்பார்கள், அடுத்த வருடம் வீடியோ என்பார்கள். அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: நான் சொல்வதை நம்பவைக்கும் ஆதாரம் எதில் இருக்கிறது? யோசனையில் இருந்தால் எழுத்து. ஒரே பார்வையில் தெரிந்துவிடும் என்றால் ஒரு படம். வரிசையில் இருந்தால் கேரசல். அசைவிலோ ஒலியிலோ இருந்தால் வீடியோ. நம் பம்ப் கதையில் இந்த நான்கும் இருப்பதால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

எது கணக்கில் சேர்கிறது?

அதற்கு முன் ஒரு சிறு பின்னணி. ஒரு பதிவின் பாதியாவது திரையில் 0.3 விநாடி தெரிந்தாலே, நிறுவனப் பக்கத்தின் கணக்கில் அது ‘இம்ப்ரெஷன்’ ஆகிவிடுகிறது. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து “இத்தனை பேர் படித்தார்கள்” என்று சொல்ல முடியாது.

லைக்கும் கமென்ட்டும் மட்டுமே ஒரு பதிவின் தரத்தைச் சொல்லிவிடாது என்பதை லிங்க்ட்இன்னின் பொறியாளர்களே 2020-ல் விளக்கி எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் படித்துவிட்டு எதையும் அழுத்தாமல் போகிறவர்கள். அதனால் ஒருவர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும், கண்டும் காணாமல் தாண்டிவிட்டாரா என்பதையும் வரிசைப்படுத்தும் கணக்கில் சேர்த்ததாகச் சொன்னார்கள். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. எந்த வடிவமாக இருந்தாலும், சரியான ஆளை நிறுத்தி, கடைசிவரை கூட்டிப்போக வேண்டும். எந்த இடத்தில் ஆள் நழுவுகிறார் என்பதுதான் வடிவத்துக்கு வடிவம் வேறுபடுகிறது.

எழுத்து: யோசனை சொல்வதற்கு

பம்ப் கதையில் யோசனையாக இருப்பது எது? பழுதான பாகத்தை மாற்றுகிறோம், பழுதாக்கிய காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறோம் என்பது. பைப் வாங்குவது ஒரு துறை, பம்ப் பராமரிப்பது இன்னொரு துறை; முதல் துறை மிச்சம் பிடித்ததை இரண்டாவது துறை இம்பெல்லராகச் செலவழிக்கிறது. இதை எந்தப் புகைப்படமும் காட்டாது. வாக்கியங்கள்தான் காட்டும். இங்கே படம் சேர்த்தால், கண் படத்துக்குப் போய்விட்டு வாதத்தை விட்டுவிடும்.

எழுத்துப் பதிவில் ஆள் நழுவும் இடம் முதல் மடிப்பு. செல்போனில் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும். மீதி `...more` என்பதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். “அனைவருக்கும் வணக்கம், இன்று ஒரு முக்கியமான தலைப்பில் உங்களோடு சில கருத்துகளைப் பகிர விரும்புகிறேன்” என்று தொடங்கினால், இருந்த இடம் மரியாதையிலேயே தீர்ந்துவிட்டது. நம் இன்ஜினியர் இப்படித் தொடங்கலாம்:

“ஒரே வருடத்தில் இரண்டு இம்பெல்லர் மாற்றிய தொழிற்சாலை அது. மூன்றாவதைக் கேட்டார்கள். பைப்பை மாற்றச் சொன்னோம்.”

எதைப் பற்றி, யாருக்கு, என்ன திருப்பம் என்ற மூன்றும் மடிப்புக்கு மேலேயே வந்துவிட்டன. பராமரிப்பு மேலாளர் ஒருவர் இதைப் படித்தால், ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் நகர மாட்டார்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு பதிவுக்கு 3,000 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். ‘பம்பு’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து. அதனால் தமிழில் அந்த இடம் சுமார் 300 சொற்களில் நிரம்பிவிடும். ஒரு சம்பவம், அதன் காரணம், ஒரு முடிவு, அவ்வளவுக்குத்தான் கொள்ளும். இரண்டாவது கருத்து வந்தால் அது அடுத்த பதிவு.

இன்னொன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினால், திரையில் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து விழும். எழுத்துப் பதிவு யூனிகோடில் இருந்தாக வேண்டும்.

ஒற்றைப் படம்: ஒரே பார்வையில் தெரிவதற்கு

அரித்துப்போன இம்பெல்லரைப் பார்த்தால் போதும். தேன்கூடு போலப் பொத்தல் விழுந்த அதன் இதழ்களைப் பற்றிப் பத்து வரி எழுதுவதைவிட ஒரு படம் மேல். அருகில் புது இம்பெல்லரையும் வைத்து, அளவு தெரிய ஒரு ஸ்கேலையும் வைத்து எடுத்தால், விஷயம் தெரிந்தவர் யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. ஒற்றைப் படத்துக்கு ஏற்ற சரக்கு இப்படித்தான் இருக்கும்: உடைந்த பாகம், முன்னும் பின்னும், ஒரே ஒரு வரைபடம், மீட்டரில் தெரியும் அளவு.

படத்தை உயரவாக்கில், 4-க்கு 5 என்ற விகிதத்தில், அதாவது 1080-க்கு 1350 பிக்சலில் வெட்டினால் செல்போன் திரையில் நிறைய இடம் கிடைக்கும். அகலவாக்கில் எடுத்த படம் அதே திரையில் சின்னப் பட்டையாகச் சுருங்கி, பொத்தல்கள் தெரியாமல் போய்விடும். பதிவிடும் முன் படத்தைத் தன் போனிலேயே ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சொல்ல வந்தது அப்போதும் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

ஒற்றைப் படம் தோற்பது பெரும்பாலும் அது ஆதாரமாக இல்லாமல் அலங்காரமாக இருக்கும்போதுதான். கைகுலுக்கும் படம், கோட்டு போட்டவர்கள் மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் படம் ஆகியவற்றை எடுத்துவிட்டுப் பதிவைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் படம் தேவைப்படவில்லை. இன்னொரு வழுக்கல், நான்கு பத்தி எழுத்தைப் போஸ்டராக்கிப் படமாகப் போடுவது. போனில் அது படிக்க முடியாத பொடி எழுத்தாகும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருளும் அதைப் படிக்காது. படத்துக்கு மாற்று உரை சேர்க்கும் வசதி இருக்கிறது. “கேவிட்டேஷனால் பொத்தல் விழுந்த இம்பெல்லர், பக்கத்தில் புதியது” என்று ஒரு வரி அதில் எழுதுவது நல்லது.

தொழிற்சாலைக்குள் எடுத்த படம் என்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்னணியில் கம்பெனிப் பலகை, இயந்திரத்தின் பெயர்த்தகடு, தொழிலாளியின் முகம் எது தெரிந்தாலும் அனுமதி வாங்க வேண்டும், அல்லது வெட்ட வேண்டும். கோளாறு பற்றிய படத்தில் வாடிக்கையாளரின் பெயர் தெரிந்தால், கிடைக்கப்போகும் வேலையைவிடப் போகும் வேலைதான் பெரிதாக இருக்கும்.

கேரசல்: வரிசையாகச் சொல்வதற்கு

“எங்கள் பம்பிலும் இதே கோளாறுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் ஒரு வரிசை. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டிய இடங்கள், ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது. கேரசல் இதற்கென்றே அமைந்தது.

லிங்க்ட்இன்னில் கேரசலுக்கென்று தனியாக இருந்த வசதி 2023-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது சாதாரணப் பதிவில் கேரசல் என்று எல்லோரும் சொல்வது, பிடிஎஃப் போன்ற ஒரு கோப்பை ஆவணமாக ஏற்றுவதைத்தான். ஒவ்வொரு பக்கமும் ஓர் அட்டையாகத் தெரியும், விரலால் தள்ளிப் பார்க்கலாம். 300 பக்கம் வரை ஏற்றலாம் என்றாலும் அவ்வளவையும் யாரும் தள்ளப்போவதில்லை. நம் இன்ஜினியருக்கு எட்டுப் பக்கம் போதும்:

1. தலைப்பு: “இம்பெல்லர் அடிக்கடி அரிக்கிறதா? புதிது வாங்கும் முன் இந்த 5 இடங்களைப் பாருங்கள்.”
2. ஒலி: பம்புக்குள் ஜல்லி உருள்வது போலச் சத்தம் கேட்கிறதா?
3. புட் வால்வு: அதன் சல்லடையில் குப்பை அடைத்திருக்கிறதா?
4. வேக்குவம் கேஜ்: சக்‌ஷன் பக்கம் மாட்டி அளவைக் குறியுங்கள்.
5. டெலிவரி வால்வு: கொஞ்சம் மூடினால் சத்தம் குறைகிறதா?
6. பைப்: அளவு பம்பின் வாயைவிடச் சிறியதா? பெண்டுகள் எத்தனை?
7. ஓர் அட்டவணை: எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது.
8. இந்தத் தொழிற்சாலையில் நடந்தது: 3 அங்குலப் பைப்பில் கேஜ் 500 மில்லிமீட்டர், 4 அங்குலத்தில் சுமார் 360.

கடைசிப் பக்கத்து எண்களுக்குத் துணையாக ஒரு விளக்க வரி வேண்டும். 500 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் ஏறக்குறைய 6.8 மீட்டர் தண்ணீரை இழுக்கும் சிரமம். தொட்டியின் நீர்மட்டமோ 4 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மீதி 2.8 மீட்டரைப் பைப்பே விழுங்கியிருக்கிறது. இந்த ஒரு கணக்குக்காகவே பலர் அந்தக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்வார்கள்.

கேரசலில் ஆள் நழுவுவது இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்துத் தலைப்பு ஒன்றைச் சொல்லி, இரண்டாம் பக்கம் “நாங்கள் யார்” என்று நிறுவனப் புராணம் பாடினால் கதை முடிந்தது. தலைப்பு கேட்ட கேள்விக்கு இரண்டாம் பக்கமே பதிலைத் தொடங்கிவிட வேண்டும்.

எழுத்தின் அளவையும் கவனியுங்கள். 1080 பிக்சல் அகலத்தில் வடிவமைக்கும் பக்கம், செல்போனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கணினியில் 36 என்று வைத்த எழுத்து, கையில் 12 ஆகிவிடும். 40-க்குக் கீழே போகாமல் இருப்பதே பாதுகாப்பு. தமிழில் மேலே புள்ளியும் கீழே கொம்பும் வருவதால் வரிகளுக்கு இடையிலும் தாராளமாக இடம் விட வேண்டும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து ஏற்றுமதி செய்ய மறந்தால், ‘கொ’ என்பது சிதைந்து மூன்று துண்டாக நிற்கலாம். பதிவிட்ட பிறகு மேலே எழுதிய குறிப்பைத் திருத்தலாம். ஏற்றிய கோப்பை மாற்ற முடியாது. பிழை தெரிந்தால் பதிவையே நீக்கி, வந்த கமென்ட்டுகளையும் இழந்து, புதிதாகப் போட வேண்டும். ஆகவே கோப்பை முதலில் வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, போனில் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடுவது உத்தமம்.

வீடியோ: அசைவும் ஒலியும்

டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடினால் தண்ணீர் வரத்து குறைகிறது. சக்‌ஷன் பைப்பில் இழப்பும் குறைகிறது. கேஜின் முள் இறங்குகிறது. ஜல்லிச் சத்தம் அடங்குகிறது. வால்வைத் திறந்தால் சத்தம் திரும்பிவிடுகிறது. காரணமும் விளைவும் கண் முன்னே நடக்கும் இந்த அரை நிமிடம்தான் முழுக்கதையிலும் வீடியோவுக்கு ஏற்ற பகுதி. இதை எழுதினால் படிப்பவர் கற்பனை செய்ய வேண்டும். எடுத்துக் காட்டினால் நம்பிவிடுவார்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஃபீடில் வீடியோ சத்தமில்லாமல் தானாக ஓடத் தொடங்கும். நமக்கோ ஆதாரத்தில் பாதி சத்தத்தில் இருக்கிறது. ஆகவே முதல் காட்சியில் கேஜின் முள் துடிப்பதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும், கூடவே “ஒலியைத் திறந்து கேளுங்கள்: ஜல்லி உருளும் சத்தம்” என்று திரையில் எழுத வேண்டும். ஒலியைத் திறக்காதவருக்கு முள் சாட்சி. திறந்தவருக்குச் சத்தமும் சாட்சி. பேசும் பகுதிக்கு வசன வரிகள் தேவை. `.srt` கோப்பாகச் சேர்ப்பதானால் அதை `UTF-8` முறையில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும்.

வீடியோவில் ஆள் நழுவுவது முதல் சில விநாடிகளில். சுழலும் லோகோ, பின்னணி இசை, “வணக்கம், நான் உங்கள்...” என்ற அறிமுகம் எல்லாம் சேர்ந்து அந்த விநாடிகளைத் தின்றுவிடுகின்றன. முள் துடிப்பதில் தொடங்கி, வால்வைத் திருப்பி, முள் இறங்குவதில் முடித்தால் போதும். பெயரும் ஊரும் மேலே குறிப்பில் இருக்கட்டும். கேமராவைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசுவதைத் தவிர அந்த வீடியோவில் வேறெதுவும் இல்லை என்றால், அது எழுத்துப் பதிவாக வேண்டியது. படிப்பவர் கண்ணை ஓட்டித் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். வீடியோவில் அவர் காத்திருக்க வேண்டும்.

எண்களைப் படிக்கும்போது

நான்கையும் போட்டுப் பார்த்த பிறகு, எது வென்றது என்று கணக்குப் பார்க்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறுவனப் பக்கங்களில் ‘என்கேஜ்மென்ட் ரேட்’ என்றொரு விகிதம் வரும். லைக், கமென்ட், பகிர்வு, கிளிக், புதிதாகப் பின்தொடர்ந்தவர்கள் எல்லாவற்றையும் கூட்டி, இம்ப்ரெஷனால் வகுத்து வருவது அது. கேரசலில் பக்கம் தள்ளுவதும் கிளிக்காகச் சேர்கிறது. இதன் விளைவைக் கற்பனை எண்களில் பார்ப்போம்.

இரண்டு பதிவுகளுக்கும் 1,000 இம்ப்ரெஷன். எழுத்துப் பதிவுக்கு 30 லைக், 10 கமென்ட், 20 கிளிக்: மொத்தம் 60, அதாவது 6 சதவீதம். கேரசலுக்கு 20 லைக், 4 கமென்ட். ஆனால் 40 பேர் ஆளுக்கு ஐந்து முறை தள்ளியதில் 200 கிளிக். மொத்தம் 224, அதாவது 22.4 சதவீதம். காகிதத்தில் கேரசல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெற்றி. வாய் திறந்து பேசியவர்களோ பாதிகூட இல்லை. வீடியோவின் ‘வியூ’ எண்ணிலும் இதே சங்கதிதான். சில விநாடி ஓடினாலே ஒரு பார்வை. அங்கே பார்க்க வேண்டியது சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. அரை நிமிட வீடியோவில் வால்வைத் திருப்பும் காட்சி 12-வது விநாடியில் வருகிறது, சராசரி 5 விநாடி என்றால், பெரும்பாலோர் ஆதாரத்தைப் பார்க்காமலே போயிருக்கிறார்கள்.

ஆகவே கேரசலைக் கேரசலோடும் வீடியோவை வீடியோவோடும்தான் ஒப்பிட வேண்டும். வடிவங்களுக்கு இடையே ஒப்பிட விரும்பினால், எல்லாவற்றுக்கும் பொதுவான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பதிவைப் பார்த்தவர்களின் வேலைப் பெயர்களையும் ஊர்களையும் லிங்க்ட்இன் பட்டியலாகக் காட்டுகிறது. அதில் பராமரிப்பு மேலாளர்கள் இருக்கிறார்களா, அல்லது நம் பழைய கல்லூரி நண்பர்கள்தான் நிறைந்திருக்கிறார்களா? கமென்ட்டில் “அருமை சார்” என்கிறார்களா, “எங்கள் சம்ப் 5 மீட்டர் ஆழம், 3 அங்குலப் பைப்தான் போட்டிருக்கிறோம், மாற்ற வேண்டுமா?” என்று கேட்கிறார்களா? இரண்டாவது மாதிரிக் கேள்வி ஒன்று வந்தாலே அந்தப் பதிவு தன் வேலையைச் செய்துவிட்டது.

நேரம் குறைவாக உள்ளவருக்கு நான்கையும் ஒரே வாரத்தில் செய்யும் அவசியம் இல்லை. முதலில் எழுத்துப் பதிவைப் போடலாம். செலவில்லை, அரை மணியில் முடியும், மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். “எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டால் அடுத்தது கேரசல். “அப்படியா, நம்ப முடியவில்லையே” என்றால் வீடியோ. “எங்களுடையதும் இப்படித்தான் இருக்குமோ?” என்றால் இம்பெல்லரின் படம். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால், அதே சரக்கை வீடியோவாக்கிச் செலவழிக்கும் முன், முதல் இரண்டு வரியை மாற்றி இன்னொரு முறை எழுதிப் பார்ப்பதே மலிவு.